இருபது நிமிடத்தில் முடிந்த வேலை

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் சர்வீஸ் சென்டரில் போன் கீழே வைக்க நேரமிருக்காது. திருச்சியில் வீட்டு வயரிங், இன்வெர்ட்டர், கீசர் பழுதுபார்க்கும் நிறுவனம் ஒன்றில் டெக்னீஷியன்களுக்குப் பொறுப்பாளராகப் பல வருடம் இருந்தேன். வருடக் கடைசியில் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடுவது என் வேலை. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் அவர்களுடைய சம்பள உயர்வு முடிவாகும்.

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. முதல் தடவை போனபோதே தீர்ந்த புகார்கள் நூற்றுக்கு எத்தனை, வாடிக்கையாளர் எத்தனை ஸ்டார் கொடுத்தார், ஷூவும் கையுறையும் போட்டிருந்தாரா. மூன்றையும் கூட்டினால் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்று நம்பியிருந்தேன். ஒரு வீட்டில் நடந்ததைப் பார்த்தபிறகு அந்தப் படிவத்தை அப்படியே நிரப்ப எனக்கு மனம் வரவில்லை.

மாடி வீடு. மழை பெய்தால் வீடு முழுக்க கரண்ட் போய்விடுகிறது என்று புகார். எங்களிடம் பதினைந்து வருடம் வேலை பார்த்த மூத்த டெக்னீஷியன் போனார். இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது. ஜாப் கார்டில், "ஆர்.சி.சி.பி. கோளாறு. சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தார். வீட்டுக்காரர் ஐந்து ஸ்டார் கொடுத்தார். அதற்குப்பிறகு எவ்வளவு மழை பெய்தும் அந்த வீட்டில் கரண்ட் போகவில்லை.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து அந்த அம்மா போன் செய்தார். குளியலறைக் குழாயைத் தொட்டால் சுர்ரென்கிறது என்றார். எங்கள் அலுவலகத்தில் அதைப் புதுப் புகாராகப் பதிவு செய்தார்கள். முன்பு வந்தது கரண்ட் போகிற புகார், இது ஷாக் அடிக்கிற புகார், இரண்டும் வேறு என்பது கம்ப்யூட்டரின் கணக்கு.

இந்த முறை போனவர், சேர்ந்து மூன்று வருடமே ஆன இளைஞர். கரண்ட் பெட்டியின் மூடியைக் கழற்றியதுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆர்.சி.சி.பி.க்குக் கீழேயிருந்து வீட்டுக்குள் போக வேண்டிய இரண்டு வயர்களும் மேலே, கரண்ட் உள்ளே வரும் முனைகளிலேயே முறுக்கப்பட்டிருந்தன. நம் ஊர் பாஷையில் சொன்னால் "டைரக்ட்" கொடுத்திருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் லிவர் மேலே தூக்கி நிற்கும், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கரண்ட் அதன் வழியாகப் போகவே இல்லை.

இந்த ஆர்.சி.சி.பி. என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேஸ் வயரில் வீட்டுக்குள் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்ட்டும் சமமாக இருக்க வேண்டும். திரும்புவது குறைந்தால், குறைந்த அளவு வேறு எங்கோ கசிகிறது. ஈரச் சுவர் வழியாகப் போகலாம், குழாய் வழியாகப் போகலாம், ஒரு மனித உடம்பு வழியாகவும் போகலாம். வீடுகளில் ஆள் பாதுகாப்புக்குப் போடுவது 30 மில்லி ஆம்பியர் ரகம். கசிவு அந்த அளவை எட்டுவதற்குள் அது விழுந்துவிடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு இழுக்கும் கரண்ட்கூட அதைவிட அதிகம். பக்கத்திலேயே வரிசையாக நிற்கும் எம்.சி.பி.க்கள் 16, 20 ஆம்பியர் என்று பெரிய கணக்கில் வேலை செய்பவை. இத்தனை சின்னக் கசிவு அவற்றின் கண்ணில் படவே படாது.

ஆக, மழை நாட்களில் அந்த வீட்டில் கரண்ட் போனது கோளாறே அல்ல. எங்கோ கசிகிறது என்று அந்த சுவிட்ச் சொல்லிக்கொண்டிருந்தது. மூத்தவர் செய்தது அதன் வாயை அடைத்த வேலை. கசிவு அப்படியே இருந்தது. தடுக்க ஆளில்லாததால் அது குழாய்வரை வந்துவிட்டது.

இளைஞர் முதலில் இரண்டு வயர்களையும் பழையபடி கீழே மாட்டி லிவரைத் தூக்கினார். வெளியே நல்ல வெயில். லிவர் விழவில்லை. அந்த இடத்தில் பலபேர், "இப்ப சரியாத்தானேம்மா இருக்கு, திரும்ப வந்தா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். இவர் கேட்டது ஒரு கேள்வி: "முன்னாடி மழையில கரண்ட் போனப்ப எந்தெந்த லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சும்மா?" அந்த அம்மாவுக்கு நினைவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னது: "மொட்டை மாடி லைட் போட்டாத்தான் போகும் அண்ணா."

மாடியில் துணி காயப்போடும் இரும்புக் கம்பத்தின் உச்சியில் அந்த லைட். வயர் கம்பத்துக்குள்ளேயே ஏறிப் போயிருந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து இறங்கும் இரும்புக் குழாயோடு சேர்த்துக் கம்பத்தைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். இளைஞர் மெயினை இறக்கி, இன்வெர்ட்டரையும் நிறுத்தி, பல்பைக் கழற்றினார். பிறகு அந்த லைட்டுக்குப் போகிற வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மெக்கர் வைத்தார். மெக்கர் என்பது 500 வோல்ட் கொடுத்து, வயரின் மேலுறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி. 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த வயரை நம்பக் கூடாது. காய்ந்த நிலையில் முள் அதைத் தாண்டித்தான் நின்றது. கீழே போய் ஒரு மக் தண்ணீர் கொண்டுவந்து, வயர் கம்பத்துக்குள் நுழையும் ஓட்டையில் ஊற்றினார். முள் சரிந்து பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது.

ஓட்டையின் விளிம்பு உரசி உரசி வயரின் தோல் கிழிந்திருந்தது. மழை பெய்யும்போது லைட் எரிந்தால் கம்பத்துக்குக் கரண்ட் வரும், கம்பத்திலிருந்து குழாய்க்கு வரும், குழாயிலிருந்து குளியலறைக்கு வரும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று குழாயைத் திறப்பவருக்கு அது போதும்.

புது வயர் இழுக்க வேண்டும், கம்பத்துக்கு வெளியே பைப் ஓட்ட வேண்டும், மழை புகாத பெட்டி ஒன்று வேண்டும். எதுவும் அவர் பையில் இல்லை. அந்த லைட்டுக்குப் போகும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் கரண்ட் பெட்டியிலேயே கழற்றி, முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கினார். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினார். டக்கென்று விழுந்தது. மாடியில் இன்று லைட் எரியாது, நாளைக்கு வந்து போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் போய் முடித்தும் கொடுத்தார். வீட்டுக்காரர் மூன்று ஸ்டார் கொடுத்தார். முந்தைய ஆள் ஒரே தடவையில் முடித்தார், இவர் இரண்டு தடவை அலையவிட்டார் என்பது அவர் குறை. அவருக்கு நடந்தது எதுவும் முழுதாகத் தெரியாது.

இப்போது என் படிவத்துக்கு வருவோம். மூத்தவருக்கு முதல் கட்டத்தில் முழு மதிப்பெண், இரண்டாவதிலும் முழு மதிப்பெண். இளைஞருக்கு முதல் கட்டத்தில் பூஜ்யம், இரண்டாவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியவரைத் தண்டித்து, ஆபத்தில் தள்ளியவருக்குப் பரிசு கொடுக்கும் படிவத்தை வருடக்கணக்காக என் கையாலேயே நிரப்பி வந்திருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது.

முதல் தடவையிலேயே தீர்ப்பது நல்ல குணம்தான், சந்தேகமில்லை. வாடிக்கையாளருக்கு ஒரு நாள் மிச்சம், நிறுவனத்துக்குப் பெட்ரோல் மிச்சம். தவறு அதை எண்ணுகிற நேரத்தில் இருக்கிறது. டெக்னீஷியன் வீட்டை விட்டு வெளியே வந்ததும் "தீர்ந்தது" என்று எண்ணிவிட்டால், நாம் அளப்பது அவர் கார்டை மூடிய வேகத்தைத்தான். முப்பது நாள் பொறுத்து எண்ண வேண்டும். அதுவும் புகாரின் பெயரை வைத்துச் சேர்க்கக் கூடாது, வீட்டு முகவரியை வைத்துச் சேர்க்க வேண்டும். கரண்ட் போகிறது, குழாயில் ஷாக் அடிக்கிறது என்ற இரண்டு புகாரும் ஒரே கிழிந்த வயர்தான் என்பது முகவரியைப் பார்த்தால்தான் பிடிபடும்.

கணக்கு விளங்க ஒரு மாதத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 60 வீடுகளுக்குப் போய் 54 வீட்டில் முதல் தடவையே முடித்தார், நூற்றுக்கு 90. இன்னொருவர் 50 வீடுகளுக்குப் போய் 40 வீட்டில் முடித்தார், நூற்றுக்கு 80. முப்பது நாள் கழித்துப் பார்த்தால் முதலாமவர் முடித்த 54 வீடுகளில் 9 வீடுகளிலிருந்து மறுபடியும் போன் வந்திருக்கிறது. மிஞ்சியது 45, நூற்றுக்கு 75. இரண்டாமவருக்கு வந்தது ஒன்றே ஒன்று. மிஞ்சியது 39, நூற்றுக்கு 78. வரிசை மாறிவிட்டது.

இதோடு விடக் கூடாது. இரண்டாமவர் முதல் தடவை முடிக்காத 10 வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நான்கில் எங்கள் ஸ்டோரிலேயே பார்ட் இல்லை. இரண்டில் வீடு பூட்டியிருந்தது. இந்த ஆறுக்கும் அவரா பொறுப்பு? கழித்துவிட்டால் 44 வீடுகளுக்கு 39, கிட்டத்தட்ட 89 வந்துவிடுகிறது. முதலாமவருக்கு இதேபோல் கழிக்க இருந்தது ஒரு பூட்டிய வீடு மட்டும், அவருக்கு 76. இன்னொன்றும் உண்டு. யாராலும் கண்டுபிடிக்க முடியாத கோளாறு என்றால் கெட்டிக்காரரைத்தான் அனுப்புவோம். அதனாலேயே அவருடைய எண் இறங்கும். பல்பு மாட்டுவதையும் மழைக்கு மட்டும் வருகிற கசிவையும் ஒரே தட்டில் வைத்து எடை போட்டால் கெட்டிக்காரருக்குத்தான் நஷ்டம்.

கார்டை மட்டும் வைத்தே மூத்தவர் செய்ததை நான் அன்றைக்கே கண்டுபிடித்திருக்கலாம் என்பது பிறகுதான் உறைத்தது. ஆர்.சி.சி.பி. கோளாறு என்று எழுதியிருக்கிறார். ஆனால் பார்ட் கட்டம் காலி. அந்தச் சாதனத்தைப் பிரித்துப் பழுதுபார்ப்பது வழக்கமில்லை. கெட்டுப்போனால் புதிதுதான் மாற்ற வேண்டும். புதிதும் மாற்றவில்லை, கசிவையும் தேடவில்லை என்றால் எதைச் சரிசெய்தார்? அதற்குப்பிறகு "சரிசெய்யப்பட்டது" என்ற சொல்லை நான் ஏற்றுக்கொள்வதில்லை. காரணம் என்ன, எதை அளந்தாய், எவ்வளவு காட்டியது, என்ன மாற்றினாய் என்று நான்கும் கார்டில் வர வேண்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்ற புகாருக்கு 32 ஆம்பியர் போட்டுவிட்டு வருவதும் இப்படித்தான் மாட்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் அதை மாட்டினால், விழுவது நின்றுபோகும், சுவருக்குள் வயர் சூடேறத் தொடங்கும். கார்டில் வயரின் அளவையும் எழுதச் சொன்னால், எழுதுகிற கையே ஒரு நிமிடம் தயங்கும்.

ஸ்டார் விஷயத்துக்கு வருகிறேன். "அக்கா, அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க, இல்லாட்டி எனக்குச் சம்பளத்துல பிடிப்பாங்க" என்று வாசலில் நின்று கேட்டால் யார்தான் போடாமல் இருப்பார்கள்? வேலை முடிவதற்கு முன்பே ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கிக் கார்டை மூடிவிடுபவர்களும் உண்டு. போதாததற்கு, பதிவான நம்பர் பெரும்பாலும் வீட்டுக்காரருடையது. அவர் ஆபீசில் இருப்பார். டெக்னீஷியன் எப்படி நடந்துகொண்டார் என்பதைப் பார்த்தவர் வீட்டிலிருந்த அம்மா.

அதனால் ஒரு டெக்னீஷியனுக்கு மாதம் ஐந்து வீடு என்று குலுக்கிப் போட்டு எடுத்து, வீட்டில் இருந்தவரிடமே பேச ஆரம்பித்தேன். திருப்தியா என்று கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் "பரவாயில்லைங்க" என்பார்கள். நடந்ததை மட்டும் கேட்பேன். என்ன கோளாறு என்று சொன்னார்? எவ்வளவு ஆகும் என்பதை வேலையைத் தொடங்கும் முன் சொன்னாரா, முடித்தபிறகா? கழற்றிய பழைய பார்ட்டைக் கையில் கொடுத்தாரா? போட்டு ஓட்டிக் காட்டினாரா? எதையாவது பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாரா? முதல் கேள்விக்கே அந்த அம்மா, "மாடி லைட்டு வயரு கிழிஞ்சு கம்பத்துல கரண்ட் வந்துச்சாம் சார்" என்று தெளிவாகச் சொன்னால், அந்த டெக்னீஷியன் அவரை மதித்து உட்காரவைத்து விளக்கியிருக்கிறார் என்று பொருள். "என்னவோ சொன்னாருங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது" என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

சில மூன்று ஸ்டார்களுக்குப் பின்னால் ஒரு மறுப்பு இருக்கும். "பொண்ணுக்கு நாளைக்குப் பரீட்சை, இன்னிக்கு ஒருநாள் டைரக்ட் குடுத்துட்டுப் போப்பா" என்று கெஞ்சுவார்கள். முடியாது என்று சொல்லி, கசிகிற ஒரு லைனை மட்டும் கழற்றிவிட்டு மற்ற லைன்களுக்குக் கரண்ட் கொடுத்துவிட்டு வருபவருக்குக் கோபத்தில் ஸ்டார் குறையும். அப்படிப்பட்ட வீட்டின் ஸ்டாரை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. மாறாக, முடியாது என்பதை எப்படிச் சொன்னார் என்று விசாரிப்பேன். எரிந்து விழுந்தாரா, காரணத்தைச் சொன்னாரா என்பதில்தான் நடத்தை தெரியும்.

பாதுகாப்பை அலுவலகத்தில் உட்கார்ந்து அளக்கவே முடியாது. அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வில் தேறியிருக்கிறார் என்றால், ஒருநாள் அவருக்கு விதிகள் தெரிந்திருந்தன என்று அர்த்தம். இன்றைக்கு என்ன செய்கிறார் என்பதைக் கூடவே போய்த்தான் பார்க்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் போதும். "வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கா, மேல சோலார் இருக்கா?" என்று கேட்கிறாரா? நம் வீடுகளில் மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தால் ஆபத்து. அடுத்த நொடியே இன்வெர்ட்டர் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிடும், பேன் லைனிலும் லைட் லைனிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். இறக்கிய சுவிட்சின்மேல் டேப் ஒட்டி, "வேலை நடக்கிறது, போடாதீர்கள்" என்று வீட்டிலிருப்பவர்களிடம் சொல்கிறாரா? தாத்தாவுக்கு டிவி நின்றுபோனால் அவர் எழுந்துபோய் சுவிட்சைத் தூக்கிவிடுவார்.

அதன்பிறகு டெஸ்டர். ஸ்க்ரூடிரைவர் போன்ற அந்தச் சின்ன டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்து வயரைத் தொடுபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளேயிருக்கும் விளக்கு கெட்டுப்போயிருந்தாலும் அது எரியாதுதானே. சரியான முறை மூன்று படி. கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் மீட்டரை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பிறகு தொடப்போகும் வயரில் வைத்துப் பார்ப்பது. மறுபடியும் கரண்ட் இருக்கும் இடத்தில் வைத்து, நடுவில் மீட்டர் செத்துப்போகவில்லை என்று உறுதி செய்வது. முழுசாக அரை நிமிட வேலை. நான் நிற்பதற்காகச் செய்கிறாரா, பழக்கத்தில் செய்கிறாரா என்பது கை போகிற போக்கிலேயே தெரிந்துவிடும்.

எங்களை நீண்ட நாள் குழப்பியது ஷூ. வீட்டுக்குள் செருப்போடு போவது நம்மிடையே மரியாதைக் குறைவு. அதனால் நல்ல டெக்னீஷியன்கள் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு, குளியலறை ஈரத்தில் வெறுங்காலோடு நின்று கீசரைத் திறப்பார்கள். நடத்தைக் கட்டத்தில் அதற்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு, பாதுகாப்புக் கட்டத்தில் அதே செயலுக்குக் குறைத்துக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொரு பையிலும் ஷூவுக்கு மேலே மாட்டும் துணி உறையும் ஒரு சின்ன ரப்பர் பாயும் போட்டுக்கொடுத்தோம். "வேலைக்காகப் போட்டிருக்கேம்மா, உறை மாட்டிக்கிறேன்" என்று சொன்னால் எந்த வீட்டிலும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நிறுவனம் வாங்கித் தராத பொருளுக்காக ஆளிடம் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமில்லை என்பதை அப்போதுதான் கற்றேன்.

டைரக்ட் கொடுத்தல், அளவு மீறிய எம்.சி.பி. மாட்டுதல் போன்றவற்றை மற்ற மதிப்பெண்களோடு கூட்டிச் சராசரி போடுவதையும் நிறுத்தினேன். அந்த வீட்டுக்கான மதிப்பெண் மொத்தமும் பூஜ்யம், எத்தனை ஸ்டார் வாங்கியிருந்தாலும். ஆனால் தானே வந்து, "அந்த வீட்டுல தப்பு பண்ணிட்டேன், போய்ச் சரிபண்ணணும்" என்று சொன்னால் பூஜ்யம் கிடையாது. சொன்னவரைத் தண்டித்தால் அடுத்த ஆள் வாயே திறக்க மாட்டார். கிழிந்த வயர் சுவருக்குள் அப்படியே கிடக்கும்.

அந்த வருடம் மூத்தவரோடு உட்கார்ந்தபோது மொத்தக் கணக்கையும் ஒதுக்கிவைத்துவிட்டு, மூன்று கார்டுகளை மட்டும் மேசையில் வைத்தேன். மாடி வீட்டுக் கார்டைப் பார்த்ததும் அவர் தலை குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"அன்னைக்கு மழையில ஒன்பது கால் சார். அது மூணாவது. தேடி எடுக்க நேரமில்ல. அந்த லைனை மட்டும் கழட்டி விட்டுட்டு நாளைக்கு வரேன்னு சொல்லியிருக்கலாம், எனக்கும் தெரியும். ஆனா அப்படி வந்திருந்தா நீங்க என்னன்னு எழுதியிருப்பீங்க?"

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். "தீர்ந்தது", "தீரவில்லை" என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. தீரவில்லை என்று எழுதியிருப்பேன். மாத ஊக்கத்தொகையும் குறைந்திருக்கும். அவரிடம் அதை ஒப்புக்கொண்டேன்.

நிர்வாகத்திடம் பேசி மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்க்க இரண்டு மாதம் பிடித்தது. "ஆபத்தை நீக்கியாயிற்று, வேலை பாக்கி" என்பது அதன் பெயர். சொன்ன நாளில் திரும்பப் போய் முடித்தால் அதற்கு முதல் தடவையே முடித்ததற்குச் சமமான மதிப்பெண். திரும்பப் போகாவிட்டால் எதுவும் கிடையாது. மூன்று நாளுக்கு மேல் அந்தக் கட்டத்தில் தங்கும் கார்டு எதுவானாலும் என் மேசைக்கு வந்துவிடும். வேலையைத் தள்ளிப்போட அதைப் பயன்படுத்துகிறவர்கள் அதில் பிடிபட்டார்கள்.

அடுத்த ஐப்பசியில் அந்தக் கட்டத்தில் டிக் அடித்து வந்த கார்டுகளில் ஒன்று மூத்தவருடையது. கையெழுத்து கோணலாக, பேனா மை ஈரத்தில் கொஞ்சம் ஊறியிருந்தது: "பின்கட்டு சுவிட்ச் பாக்ஸுக்குள் தண்ணீர். மெக்கர் 0. அந்த லைனின் பேஸ், நியூட்ரல் கழற்றி டேப் சுற்றியது. ஆர்.சி.சி.பி. டெஸ்ட் பட்டன் ஓ.கே. மோட்டார் ஓடாது என்று பாட்டியிடம் சொல்லி, இரண்டு குடம் தண்ணீர் பிடித்து வைத்தாயிற்று. நாளை காலை 10 மணிக்கு வருகிறேன்."